பாலை விட்டும் கல் விடவில்லையே

கேள்வி: எனக்கு வயது 43. ஏழு வருடத்தில் இது மூன்றாவது சிறுநீரகக் கல். பேக்கரியில் அடுப்புப் பக்கம் வேலை, அதிகாலை நாலு முதல் பகல் பன்னிரண்டு வரை. தண்ணீர் தினமும் மூன்று லிட்டர் குடிக்கிறேன், பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு. பால், தயிர் விட்டு இரண்டு வருடம் ஆகிறது, தக்காளியும் தொடுவதில்லை. உடம்புக்கு நல்லது என்று காலையில் பாலக் கீரையும் பீட்ரூட்டும் பச்சையாக அரைத்துக் குடிக்கிறேன், சாயங்காலம் ஒரு கைப்பிடி பாதாம். கல்லைப் பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. 24 மணி நேர சிறுநீர் ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் எதையெல்லாம் விட வேண்டும்? வீட்டில் சமையல் நான்தான்.

பதில்:

முதலில் விட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பால், தயிர், தக்காளி மூன்றும் உங்கள் சாப்பாட்டுக்குத் திரும்பி வரட்டும். விட வேண்டியது அந்தக் காலை ஜூஸ். ஏன் என்று உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதிப் பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

சிறுநீரில் கால்சியம் 210 மில்லிகிராம். ஆண்களுக்கு 250 வரை இயல்பு என்றுதான் பெரும்பாலான லேப்கள் எடுத்துக்கொள்கின்றன, ஆகவே அது சரியாகவே இருக்கிறது. ஆக்சலேட் 62. இது 40, 45-க்குள் இருக்க வேண்டும். சிட்ரேட் குறைவு, சோடியம் நிறைய, அப்புறம் 24 மணி நேரத்துக்கும் சேர்த்து மொத்தச் சிறுநீர் வெறும் 1150 மில்லி. கால்சியம் கல் என்றதும் கால்சியத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டீர்கள், ஆனால் உங்கள் விஷயத்தில் வம்பு செய்வது அதன் ஜோடியான ஆக்சலேட். அது ஏறியதற்கு ஜூஸ் மட்டும் காரணம் இல்லை, பாலை நிறுத்தியதும் ஒரு காரணம்.

இது எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். கீரையிலும் பாதாமிலும் உள்ள ஆக்சலேட் குடலுக்குள் போகிறது. அதே நேரத்தில் அங்கே தயிரோ பாலோ இருந்தால் அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் கரையாத பொருள், உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ள முடியாது, மலத்தோடு போய்விடும். அதாவது சிறுநீரகத்தில் நடக்கக் கூடாத அந்தச் சேர்க்கை குடலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. குடலில் கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தனியாக ரத்தத்துக்குள் நுழைந்து, சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே எப்போதும் இருக்கிற கால்சியத்தோடு சேர்கிறது. பால் விட்டவருக்குச் சிறுநீரில் ஆக்சலேட் கூடுவது இதனால்தான்.

நான் படித்த காலத்தில் "கால்சியம் கல்லா, பாலை நிறுத்து" என்றுதான் பலரும் சொன்னார்கள், நானும் ஆரம்பத்தில் சிலருக்கு அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 2002-ல் இத்தாலியில் திரும்பத் திரும்பக் கல் வந்த, சிறுநீரில் கால்சியம் அதிகம் போகிற 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து ஐந்து வருடம் பார்த்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மீதிப் பேருக்குக் கால்சியம் வழக்கம்போல, ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. முதல் 60 பேரில் 23 பேருக்குத் திரும்பக் கல் வந்தது, இரண்டாவது 60 பேரில் 12 பேருக்கு. சிறுநீரில் கால்சியம் அதிகமாகப் போகிறவர்களுக்கே பாலை வெட்டியதில் லாபம் இல்லை என்றால், கால்சியம் இயல்பாக இருக்கும் நீங்கள் அதை ஏன் வெட்ட வேண்டும்?

சரி, ஜூஸுக்கு வருவோம். பாலக் கீரை ஆக்சலேட் பட்டியலில் ஏறக்குறைய உச்சியில் இருப்பது. சமைத்த கீரை அரை கப்பிலேயே 700 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம். கல் வந்தவர்களை நாங்கள் ஒரு நாள் முழுவதற்கும் 100-க்குள் நிறுத்தப் பார்க்கிறோம் என்றால் கணக்கு உங்களுக்கே புரியும். பீட்ரூட்டும் அதே கூட்டம்தான். இதில் நீங்கள் பச்சையாக அரைக்கிறீர்கள், வெந்து வடிந்துபோக வேண்டியது எல்லாம் டம்ளரிலேயே இருக்கிறது, அதையும் வெறும் வயிற்றில், கால்சியம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் குடிக்கிறீர்கள். ஆக்சலேட்டை உடம்புக்குள் முழுசாகச் சேர்ப்பது எப்படி என்று யாராவது கேட்டால் இதைவிட நல்ல வழி எனக்குச் சொல்லத் தெரியாது. பச்சைக் கீரை ஜூஸைத் தொடர்ந்து குடித்துச் சிறுநீரகமே பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இன்றோடு நிறுத்திவிடுங்கள். பாதாம் ஒரு கைப்பிடி, அதாவது இருபது சொச்சம் பருப்பு, அதில் 120 மில்லிகிராம் போல இருக்கும். ஆசையாக இருந்தால் நாலைந்து பருப்பைத் தயிரில் போட்டுச் சாப்பிடுங்கள், தனியாக வேண்டாம்.

தக்காளிக்கு இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்ததோ தெரியவில்லை, அதன் விதை கல்லைப் போல இருப்பதால் இருக்கலாம். ஒரு தக்காளியில் உள்ள ஆக்சலேட் பத்து மில்லிகிராமைத் தாண்டாது. விதை சிறுநீரகத்துக்குப் போகவே வழியில்லை. தாராளமாகப் போட்டுச் சமையுங்கள்.

கீரையே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் ஆள் மாற வேண்டும். முட்டைகோஸ், காலிஃபிளவர், பூசணி, வெள்ளரி, சுரைக்காய் இவற்றிலெல்லாம் ஆக்சலேட் குறைவு, இவையே அன்றாடக் காய்களாக இருக்கட்டும். என்றைக்காவது பாலக் சமைத்தே ஆக வேண்டும் என்றால், நறுக்கி, நிறையத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டு, எட்டுப் பத்து நிமிடம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சலேட்டில் மூன்றில் ஒரு பங்காவது, காயைப் பொறுத்து அதற்கு மேலும், அந்தத் தண்ணீரோடு போய்விடும். சத்து வீணாகிறதே என்று அந்தத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண். ஆவியில் வேகவைத்தாலும் குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தாலும் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் கரைந்து போக அங்கே தண்ணீர் இல்லை, கொட்டுவதற்கும் இல்லை. வறுத்தால் சுத்தமாகக் குறையாது. வடித்த கீரையைத் தயிரோடு கலந்து, சாப்பாட்டோடு, இரண்டு கரண்டி, மாதத்தில் ஓரிரு முறை. உருளைக்கிழங்குக்கும் இதே வடித்தல் உதவும்.

பால், தயிர் எவ்வளவு, எப்போது என்பதுதான் இனி முக்கியம். ஒரு நாளுக்குத் தேவையான கால்சியம் 1000 முதல் 1200 மில்லிகிராம். 200 மில்லி பாலிலோ அதே அளவு தயிரிலோ சுமார் 240 கிடைக்கும். மூன்று வேளைக்கும் ஒவ்வொரு கிண்ணம் என்றால் 700-ஐத் தாண்டிவிடுகிறது, மீதி மற்ற உணவிலிருந்து வந்துவிடும். ஆனால் சாப்பாட்டோடு வர வேண்டும். இரவு படுக்கும்போது ஒரு பெரிய டம்ளர் பால் குடிப்பது எலும்புக்கு நல்லதாக இருக்கலாம், மதியச் சாப்பாட்டின் ஆக்சலேட்டை அது திரும்பிப் போய்ப் பிடிக்காது. கால்சியம் மாத்திரையிலும் இதே தப்பு நடக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் கல்லுக்கு உதவாது, சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டத்தான் செய்யும். உங்களுக்கு மாத்திரை தேவையும் இல்லை, தயிரே போதும். இன்னொன்று, சளி பிடிக்காமல் இருக்க வைட்டமின் சி மாத்திரை தினமும் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஒரு கிராம் அளவுக்குப் போனால் அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஆக்சலேட்டாக மாறுகிறது. பழத்தில் வரும் வைட்டமின் சி பற்றிக் கவலை வேண்டாம்.

இப்போது தண்ணீர். மூன்று லிட்டர் குடிக்கிறேன் என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கல்லைத் தடுப்பது உள்ளே போகிற தண்ணீர் இல்லை, சிறுநீராக வெளியே வருகிற தண்ணீர். உங்கள் மூன்று லிட்டரில் பெரும்பகுதியை அடுப்பு வியர்வையாக வாங்கிக்கொள்கிறது, மிஞ்சியது 1150 மில்லி. தேவை இரண்டரை லிட்டர் சிறுநீர். இதன் வித்தியாசத்தைப் பாருங்கள்: 62 மில்லிகிராம் ஆக்சலேட் 1150 மில்லியில் கரைந்திருந்தால் லிட்டருக்கு 54. ஜூஸை விட்டு, தயிரைச் சேர்த்து ஆக்சலேட் 40-க்கு இறங்கி, சிறுநீரும் இரண்டரை லிட்டர் ஆனால் லிட்டருக்கு 16. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கல் கட்டுவது இந்த அடர்த்தியில்தான். தண்ணீரை மட்டும் கூட்டிப் பார்த்த ஒரு ஆய்விலேயே ஐந்து வருடத்தில் கல் திரும்பியவர்கள் 27 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தார்கள்.

இரண்டரைக்கும் 1150-க்கும் இடையே 1350 மில்லி பாக்கி இருக்கிறது. ஆகவே வேலை நாளில் உங்களுக்கு வேண்டியது ஏறக்குறைய 4.4 லிட்டர். பயப்படாதீர்கள், பிரித்தால் பெரிதாகத் தெரியாது. எட்டு மணி நேர வேலையில் மணிக்கு 300 மில்லி என்றால் 2.4 லிட்டர், வீட்டுக்கு வந்த பிறகு சாயங்காலம், இரவு எல்லாம் சேர்த்து இரண்டு. ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் அரை மணி நேரம் கழிப்பறைக்கு நடப்பீர்கள், அப்புறம் சிறுநீர் பழையபடி கெட்டியாகிவிடும். உங்களுடைய அடர்த்தியான நேரம் இப்போது காலை நாலிலிருந்து பன்னிரண்டு வரை, அங்கேதான் தண்ணீர் போக வேண்டும். 600 மில்லி பாட்டில் ஒன்றை அடுப்புப் பக்கமே வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பாட்டில் காலியாக வேண்டும். மாவு பிசைந்த கையோடு பாட்டிலைத் தொட முடியாது என்பது எனக்குத் தெரியும், ஒவ்வொரு தட்டு உள்ளே போனதும் கை கழுவுவீர்கள் அல்லவா, அந்த நேரத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு படுக்கும்முன் ஒரு டம்ளர், நடுவில் எழுந்தால் இன்னும் அரை டம்ளர். லீவு நாளில் வியர்வை இல்லாததால் மூன்று, மூன்றே கால் லிட்டரிலேயே வேலை முடிந்துவிடும்.

போதுமா என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். கோடு போட்ட பிளாஸ்டிக் கேன் ஒன்றில் ஒரு வேலை நாளும் ஒரு லீவு நாளும் சிறுநீரைப் பிடித்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு தடவை போதும். இடைப்பட்ட நாளில் நிறம் சொல்லும், வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், டீ நிறத்துக்குப் போனால் அன்றைக்குப் பின்தங்கிவிட்டீர்கள். இதய பலவீனம், சிறுநீரகச் செயலிழப்பு என்று ஏற்கெனவே தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக் குடிக்கக் கூடாது. உங்கள் கிரியாட்டினின் இயல்பாக இருப்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சிட்ரேட் குறைவுக்கு எலுமிச்சை. சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்து, அது ஆக்சலேட்டோடு சேர்வதைக் குறைக்கிறது. நாளுக்கு இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, இரண்டு பாட்டில்களில் பிழிந்துகொள்ளுங்கள், சர்க்கரையும் வேண்டாம், உப்பும் வேண்டாம். நாள் முழுதும் சொட்டுச் சொட்டாகக் குடித்தால் பல் கூசும், ஆகவே அந்த இரண்டு பாட்டிலை மட்டும் சீக்கிரம் முடித்து வாயைக் கொப்பளித்துவிடுங்கள். எல்லோருக்கும் எலுமிச்சை மட்டும் போதாது, அடுத்த ரிப்போர்ட்டிலும் சிட்ரேட் ஏறாவிட்டால் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார். கோலா பானங்கள் தண்ணீர்க் கணக்கில் வராது, அவற்றை ஒதுக்குங்கள். பால் கலந்த டீ இரண்டு வேளை பரவாயில்லை.

உப்பைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். சோடியம் 218 மில்லிமோல். உப்பாக மாற்றினால் 12 முதல் 13 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூனுக்கும் மேல், அதுவும் வியர்வையில் போனது போக. சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே இழுபட்டு வருகிறது. பாலைத் திரும்பச் சேர்க்கும்போது சிறுநீரில் கால்சியம் லேசாக ஏறலாம், உப்பைக் குறைத்தால் அது சமன் ஆகிவிடும். ஆகவே தயிர் திரும்புவதும் உப்பு குறைவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். வியர்வையில் உப்பு போகிறது, அதனால் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்று தண்ணீரில் உப்பு போட்டுக் குடிக்கிறீர்களா? பேக்கரியில் பலர் செய்கிறார்கள். சிறுநீரில் இவ்வளவு சோடியம் போகிறவருக்கு உடம்பில் உப்புப் பஞ்சம் இல்லை.

உங்கள் இலக்கு ஒரு நாளுக்கு ஐந்து கிராம். ரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், இது உங்கள் தொழில், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை: கிலோ மாவுக்கு 18, 20 கிராம் உப்பு விழுகிறது. வேலை முடிந்து சாப்பிடும் நாலு துண்டு ரொட்டியில் ஒன்றரை கிராம் உப்பு வந்துவிடுகிறது, நாக்கில் உப்பாகவே தெரியாது. வீட்டில் என்ன செய்யலாம் என்றால், சமையல் உங்கள் கையில் இருப்பதால் சுலபம். வீட்டில் நாலு பேர் என்றால் ஒரு வாரத்துக்கு நாலு பேருக்கு ஐந்து கிராம் வீதம் 140 கிராம் வருகிறது. ரொட்டி, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் தீனி இவற்றில் வருவதைக் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன டப்பாவில் 90 கிராம் எடை போட்டு வையுங்கள். வாரம் முழுக்கச் சமையலுக்கு அந்த டப்பாதான், வேறு இடத்திலிருந்து எடுக்கக் கூடாது. புதன்கிழமையே காலியானால் கசிவு எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். உப்பை வேகும்போது போடாமல் இறக்கும்போது போட்டால் குறைவான உப்பிலேயே ருசி நிற்கும், மீதியை எலுமிச்சையும் மிளகும் சீரகமும் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் சப்பென்று இருக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

இறைச்சி, மீன், முட்டை சாப்பிடுபவர் என்றால் சமைத்த நிலையில் நாளுக்கு நூறு கிராம், ஒரு வேளை மட்டும். அதிகமானால் சிட்ரேட் இன்னும் இறங்கும். பருப்பு அந்த இடத்தை நிரப்பட்டும்.

ஆக ஒரு வேலை நாள் இப்படி இருக்கலாம். மூன்றரைக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். வேலையில் நாலு பாட்டில், அதில் இரண்டில் எலுமிச்சை. இடைவேளையில் சிற்றுண்டி, ஜூஸுக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர், ஒரு பழம். மதியம் சோறு, தக்காளி போட்ட பருப்புக் குழம்பு, முட்டைகோஸ் பொரியல், ஒரு கிண்ணம் தயிர் அல்லது அதையே உப்பில்லாமல் மோராக. சாயங்காலம் பாதாமுக்குப் பதில் வெள்ளரி, ஒரு டீ. இரவு இரண்டு ரொட்டி, சுரைக்காய்க் கூட்டு, சாப்பாட்டோடு பால்.

ஏற்கெனவே உள்ளே இருக்கிற கல் இதனால் கரையாது, கால்சியம் ஆக்சலேட் எந்த உணவுக்கும் கரைவதில்லை. இது அடுத்த கல்லுக்கான வேலை. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது யூரிக் அமிலக் கல்லோ கிருமித் தொற்றால் வந்த கல்லோ இருந்தால் இந்தத் தாளை அவரிடம் கொடுக்காதீர்கள், அதற்கு வைத்தியமே வேறு. மூன்று முறை வந்துவிட்டதால் ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், நீங்கள் அனுப்பியதில் அவை இல்லை. வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலோ, சிறுநீரே போகாமல் நின்றாலோ தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து 24 மணி நேர சிறுநீரைத் திரும்பப் பரிசோதியுங்கள். கட்டாயம் வேலை நாளில், அன்றைக்கு மட்டும் ஒழுங்காகச் சாப்பிடாமல், வழக்கம்போலச் சாப்பிட்டு. எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதையெல்லாம், பேக்கரியில் போவது உட்பட, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரைக்கும் கேனில் சேர்க்க வேண்டும். ஒரு தடவை விட்டுப் போனாலும் கணக்கு கெடும். ரிப்போர்ட் வந்ததும் கால்சியத்தைத் தேடாமல் முதலில் மொத்த அளவையும், அடுத்து சோடியத்தையும், அப்புறம் ஆக்சலேட்டையும் பாருங்கள்.